அருவி ஓட மறுத்தால்: வண்ணச் சுழற்சிப் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துதல்

ஹட்டனில் மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்கள். இரண்டு பேருக்கு ஒரு பழைய மடிக்கணினி. அவர்கள் செய்யும் சிறிய விளையாட்டுகளில் ஏதாவது ஓர் அருவி கட்டாயம் இருக்கும். தலவாக்கலைப் பக்கம் வளர்ந்தவர்கள் டெவோன் அருவியையும் சென் கிளயர் அருவியையும் தெருவோரத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர்கள். அவற்றை விட்டுவிட்டு மலையை வரைய அவர்களுக்கு மனம் வராது. அந்த அருவிகளை ஓடவைக்க வண்ணச் சுழற்சியைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். படம் ஒன்றே ஒன்றுதான், நிறங்கள் மட்டும் இடம் மாறும், நினைவகமும் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் அதே ஏழு எட்டுப் பிழைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்பி வருகின்றன. அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய காரணத்தை முதலிலும், நாள்கணக்கில் வேலை வாங்குவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

சொற்களை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது நிறம் அல்ல, ஓர் இலக்கம். அந்த இலக்கம் வண்ணத்தட்டில் ஓர் அறையைக் காட்டும். அறையில் இருக்கும் நிறம் திரையில் தெரியும். அறைகளின் நிறங்களை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தினால், பிக்சல்கள் அசையாமலே தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் அருவிக்கு 16 முதல் 23 வரை எட்டு அறைகள். விளையாட்டு பைத்தானில், பைகேம் நூலகத்தில் எழுதப்பட்டது. திரை 320 × 180.

## எதற்கும் முன்னால்: இந்த ஒரு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் ஓட்டிப்பார்ப்பது இதைத்தான். படம் என்னவாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது, ஏனென்றால் இலக்கங்கள் அழிந்துபோன படமும் திரையில் அச்சு அசலாக அப்படியே தெரியும்.

```python
from PIL import Image
im = Image.open("aruvi.png")
print(im.mode)
pal = im.getpalette()
if pal:
    for i in range(16, 27):
        print(i, pal[i*3:i*3+3])
```

முதல் வரியில் `P` என்று வந்தால் படத்தில் இலக்கங்கள் இருக்கின்றன. `RGB` அல்லது `RGBA` என்று வந்தால் இலக்கங்கள் போய்விட்டன. இந்த வெளியீட்டை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துவரும் பல இடங்களில் அது தேவைப்படும்.

## அறிகுறி: எதுவுமே அசையவில்லை

`RGB` அல்லது `RGBA` என்று வந்தது. யாரோ ஒருவர் படத்தைப் புகைப்படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, ஓரத்தை வெட்டி, சேமித்திருப்பார். அல்லது ஏஸ்ப்ரைட்டிலோ லிப்ரெஸ்ப்ரைட்டிலோ படத்தைத் தொடங்கும்போதே இலக்க முறையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார்கள். இந்தப் படத்தை மீண்டும் இலக்க முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மாற்றும்போது அறைகளின் வரிசையை மென்பொருள் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும். மூலக் கோப்புக்குத் திரும்பிப் போவதுதான் குறுக்குவழி.

`P` என்று வந்தது, ஆனாலும் அசையவில்லை. நிரலில் `convert()` என்ற சொல்லைத் தேடுங்கள். படத்தை ஏற்றியவுடன் `.convert()` போடவேண்டும் என்று எல்லாப் பயிற்சிப் பாடங்களும் சொல்கின்றன. மற்றப் படங்களுக்கு அது நல்ல பழக்கம்தான், வேகம் கிடைக்கும். சுழலவேண்டிய படத்துக்கு மட்டும் அது கூடாது. அந்த ஒரு வரி இலக்கங்களை நிறங்களாக மாற்றி உறையவைத்துவிடுகிறது. என்னிடம் வந்த உறைந்த அருவிகளில் பாதிக்கு மேல் இந்த வரியால் உறைந்தவை.

`convert()` இல்லை. அடுத்ததாக, பெரிதாக்கிய பிரதியைப் பாருங்கள். படத்தை `pygame.transform.scale` மூலம் பெரிதாக்கினால் கிடைப்பது புதிய படம்; அதற்குத் தனி வண்ணத்தட்டு உண்டு. நீங்கள் சிறிய படத்தின் தட்டைச் சுழற்றிக்கொண்டு, திரையில் பெரிய படத்தை வரைந்துகொண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் 320 × 180 அளவிலேயே வரைந்து, கடைசியில் முழுத் திரையையும் ஒருமுறை பெரிதாக்குங்கள். பிக்சல்களும் ஒரே அளவில் இருக்கும்.

சுழற்சிக்கு நான் பயன்படுத்துவது இவ்வளவுதான்:

```python
MOOLAM = [tuple(padam.get_palette_at(16 + k)) for k in range(8)]

def suzhatru(padam, adi):
    for k in range(8):
        padam.set_palette_at(16 + k, MOOLAM[(k - adi) % 8])
```

`MOOLAM` என்பது தொடக்கத்தில் ஒரே ஒருமுறை எடுத்து வைக்கும் மூல நிறங்கள். `adi` என்பது நிறங்கள் இதுவரை எத்தனை அறை நகர்ந்திருக்கின்றன என்ற எண்; ஓர் அறை நகர்ந்தால் ஓர் அடி. திரையில் இப்போது இருக்கும் தட்டைப் படித்து அதையே நகர்த்தாதீர்கள். ஏன் என்று இருட்டும் காட்சியைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

## அறிகுறி: அருவியோடு தேயிலைச் செடிகளும் மின்னுகின்றன

எளிய காரணம்: தேயிலை வரைந்தபோது தவறுதலாக அருவியின் அறையிலிருந்து ஒரு நிறத்தை எடுத்துவிட்டீர்கள். பனிமூட்டத்துக்கும் வானத்துக்கும் வெளிர்நீலம் வேண்டியிருக்கும்போது இது அடிக்கடி நடக்கும். சோதிப்பது சுலபம். வரையும் மென்பொருளில் 16 முதல் 23 வரையுள்ள அறைகளைத் தற்காலிகமாகக் கடும் ஊதாவாக மாற்றுங்கள். அருவிக்கு வெளியே ஊதா தெரியும் ஒவ்வொரு பிக்சலும் பிழை. அவற்றை வேறு அறையிலிருந்து அதே நிறத்தைக்கொண்டு மீண்டும் பூசுங்கள். ஒரே வெளிர்நீலம் தட்டில் இரண்டு அறைகளில் இருப்பது தவறல்ல. ஓடும் நீலத்துக்கு ஓர் அறை, நிற்கும் நீலத்துக்கு ஓர் அறை.

ஊதாச் சோதனையில் மூலக் கோப்பு சரியாக இருக்கிறது, ஆனாலும் விளையாட்டில் தேயிலை மின்னுகிறது. இதுதான் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற பிழை. அதை விரிவாகச் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து வரும் ஒரு தங்கை சென் கிளயர் அருவியை வரைந்திருந்தாள். ஐந்து நீர்நிறங்கள், அவை இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி, மீண்டும் இருளுக்கு இறங்கும். எட்டு அறைகளில் அவற்றை அவள் இப்படி அடுக்கியிருந்தாள்:

```
16   24  56  96
17   48  96 144
18   96 152 192
19  168 208 224
20  240 248 248
21  168 208 224
22   96 152 192
23   48  96 144
```

24, 25, 26 ஆகிய மூன்று அறைகளில் தேயிலையின் பச்சைகள். அவளுடைய மடிக்கணினியில் எல்லாம் அழகாக ஓடியது. அவளுடைய அண்ணன் தன் கைபேசிவழி எங்களுக்கு அனுப்பிய பிரதியில் அருவிக்குள் பச்சைக் கோடுகள் இறங்கின. கவ்வாத்து வெட்டிய தேயிலை மட்டங்கள் வெள்ளையும் நீலமுமாக மினுங்கின. “நான் ஒன்றுமே மாற்றவில்லை அண்ணா” என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்னது உண்மைதான்.

சோதனையை ஓட்டினேன். `P` என்றுதான் வந்தது. ஆனால் 21ஆம் அறையில் நீலம் இல்லை, `24 64 40` என்ற கரும்பச்சை இருந்தது. 22, 23 இரண்டிலும் மற்ற இரண்டு பச்சைகள். அண்ணன் அனுப்புவதற்கு முன் கோப்பைச் சிறிதாக்கும் ஒரு கருவியில் போட்டிருக்கிறார். அந்தக் கருவி தட்டைப் பார்த்தது: 19உம் 21உம் ஒரே நிறம், 18உம் 22உம் ஒரே நிறம், 17உம் 23உம் ஒரே நிறம். சாதாரணப் படத்துக்கு இரட்டை அறைகள் வீண்தானே? மூன்றையும் நீக்கி, பின்னால் இருந்த பச்சைகளை மூன்று இடம் முன்னே இழுத்துவிட்டது. அசையாத படமாகப் பார்த்தால் ஒரு பிக்சலும் மாறவில்லை. நிரலோ பழையபடி 16 முதல் 23 வரை எட்டு அறைகளைச் சுழற்றியது. அவற்றில் ஐந்து நீர், மூன்று தேயிலை.

நீர்நிறங்களைப் படத்திலிருந்து எடுக்காமல் நிரலிலேயே எழுதிவைத்திருந்தால் இதே பிழை வேறு முகத்தோடு வரும். பச்சைக் கோடுகள் தெரியாது. தேயிலை மட்டும் மின்னும். அருவி ஓடாமல் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். 21 என்று இருந்த பிக்சல்கள் எல்லாம் இப்போது 19 ஆகிவிட்டதால், பட்டைகளில் ஒரு பாதி கீழே போகும், மறு பாதி மேலே ஏறும். இந்த மூச்சைக் கண்டால் வேறெங்கும் தேடவேண்டாம், இரட்டை அறைகள் ஒன்றாகிவிட்டன.

திருத்தம் இரண்டு. முதலாவது, சிறிதாக்கிய கோப்பைக் காப்பாற்ற முயலாதீர்கள். எந்த 19 முன்பு 21ஆக இருந்தது என்ற தகவல் அதில் இல்லை. மூலக் கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டாவது, இனி அது நடக்காதபடி இரட்டை நிறங்களை ஒரே ஒரு எண்ணால் வேறுபடுத்துங்கள்:

```
21  168 208 225
22   96 152 193
23   48  96 145
```

நீலத்தில் ஓர் எண் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் காணாது. ஆனால் கருவிகளுக்கு அவை வெவ்வேறு நிறங்கள். கேம்பாய் அட்வான்ஸ் போன்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவிக்காகச் செய்கிறீர்கள் என்றால் இந்த ஓர் எண் போதாது. அங்கே ஒவ்வொரு நிறக்கூறுக்கும் 5 பிட்தான், அதாவது 32 படிகள். நம் 0–255 அளவில் எட்டு எட்டாகத் தாவவேண்டும், அந்த வித்தியாசம் கண்ணுக்கும் கொஞ்சம் தெரியும்.

கோப்பைச் சுருக்கியே ஆகவேண்டும் என்றால், தட்டைத் தொடாதே என்று கருவிக்குச் சொல்லும் வழி உண்டா என்று பாருங்கள். `optipng` பயன்படுத்துகிறவர்கள் `-nx` சேர்த்தால் அது நிறவகையையும் தட்டையும் குறைக்காது. 320 × 180 அளவில் இப்படிப்பட்ட படம் சில கிலோபைட்டுகள்தான். நான் சுருக்குவதே இல்லை.

## அறிகுறி: தண்ணீர் மலை ஏறுகிறது

குறி மாறியிருக்கிறது. `(k - adi)` என்பதை `(k + adi)` என்று எழுதியிருப்பீர்கள். மாற்றிப்பாருங்கள், அரை நிமிட வேலை.

ஓர் அருவி இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. நிரல் சரி, வரைந்த வரிசை தலைகீழ். இறங்கும் அருவியில் மேலிருந்து கீழே 16, 17, 18 என்று இலக்கம் கூடிக்கொண்டே போகும். ஏறும் அருவியில் அது குறைந்துகொண்டே போகும். அந்த அருவியை மட்டும் வெட்டியெடுத்து, செங்குத்தாகப் புரட்டி ஒட்டினால் பெரும்பாலும் போதும்.

என் கணினியில் இறங்குகிறது, நண்பன் கணினியில் ஏறுகிறது. இதைக் கேட்டால் புதியவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் பழைய மடிக்கணினிகள் நிறைந்த எங்கள் அறையில் இது வழக்கம். அடியெண்ணைக் கடந்த நேரத்திலிருந்து கணக்கிட்டு, நொடிக்கு 60 அடி என்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மெதுவான கணினி நொடிக்குப் பத்து முறைதான் திரையை வரைகிறது. அப்போது ஒவ்வொரு வரைவுக்கும் இடையில் ஆறு அடி கடந்துபோகும். எட்டு அறைச் சுற்றில் ஆறு அடி முன்னே போவதும் இரண்டு அடி பின்னே வருவதும் ஒன்றே. கண் குறுகிய வழியைத்தான் நம்பும், ஆகவே தண்ணீர் ஏறுகிறது. சரியாக நான்கு அடி கடந்தால் திசையே தெரியாமல் துடிக்கும்.

மருந்து, வேகத்தைக் குறைப்பது. நொடிக்கு 8 அடி என்று வையுங்கள்:

```python
adi = pygame.time.get_ticks() * 8 // 1000
```

இப்போது பத்து முறை மட்டும் வரையும் கணினியிலும் ஒரு வரைவுக்கு ஓர் அடிக்கு மேல் போகாது. ‘மெதுவாக இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் கூட்டாதீர்கள். அருவியின் வேகத்தைக் கூட்ட வேறு இடம் இருக்கிறது, அதற்குத்தான் இரண்டு அறிகுறி தள்ளி வருகிறேன்.

## அறிகுறி: சுற்றுக்கு ஒருமுறை ஒரு வெட்டு இறங்குகிறது

நிறங்கள் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி அங்கேயே முடிந்துவிட்டன. 23இன் வெள்ளைக்கு அடுத்து 16இன் கருநீலம் வருகிறது. அந்த ஓரம்தான் வெட்டாகத் தெரிகிறது. மேலே தங்கை செய்ததுபோல் ஏறி இறங்கும் வரிசையாக மாற்றுங்கள். ஐந்து நிறத்துக்கு எட்டு அறை, நான்கு நிறத்துக்கு ஆறு அறை. உச்சியும் அடியும் ஒருமுறைதான் வரவேண்டும். அடிநிறத்தை இரு முனையிலும் வைத்துவிட்டால் இருட்டு ஓர் அடிக்காலம் கூடுதலாக நின்று, வெட்டு ஒரு தயக்கமாக மிஞ்சும்.

வேண்டுமென்றே வெட்டை வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. மழைத்துளி, ரயில் எஞ்சினின் பொறி, ஓடையில் மிதந்து வரும் இலை ஆகியவற்றுக்குக் கூர்மையான முன்விளிம்பு நன்றாக இருக்கும். அருவிக்கு வேண்டாம்.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் தண்ணீராகத் தெரியவில்லை

இங்கே நிரலில் பிழை எதுவும் இல்லை, பிழை தூரிகையில் இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் மனம் தளர்வதும் இங்கேதான், ஏனென்றால் எல்லாம் ‘சரியாக’ இருக்கிறது. மூன்று வடிவங்களில் இது வரும்.

ஏணி இறங்குவதுபோல் இருக்கிறது. அருவியின் முழு அகலத்துக்கும் நேர்க்கிடையாகப் பட்டைகளை வரைந்திருப்பீர்கள். 19ஆம் இலக்கத்தின் பட்டை இடதுகோடியிலிருந்து வலதுகோடிவரை ஒரே மட்டத்தில் இருக்கும். தண்ணீர் அப்படி விழுவதில்லை. அருவியை இரண்டு மூன்று பிக்சல் அகலமுள்ள நெடுந்தாரைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தாரையையும் பக்கத்துத் தாரையிலிருந்து இரண்டு அல்லது மூன்று இலக்கம் தள்ளித் தொடங்குங்கள். முதல் தாரையின் உச்சி 16 என்றால் அடுத்தது 19, அதற்கடுத்தது 17, பிறகு 22. ஒழுங்கான இடைவெளி வைத்தால் சாய்கோடுகளாகத் தெரியும்; ஒழுங்கைக் கலைத்துவிடுங்கள். புதிய நிறம் ஒன்றும் தேவையில்லை, அதே எட்டு அறைகள்தான்.

துடிக்கிறது, ஓடவில்லை. இரண்டே நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் திசை இருக்காது, மினுக்கம் மட்டும் இருக்கும். குறைந்தது மூன்று அறை வேண்டும். எனக்கு ஆறுக்குக் கீழே மனம் ஒப்புவதில்லை.

கம்பளம் உருள்வதுபோல் ஒரே வேகத்தில் இறங்குகிறது. விழும் நீர் விழ விழ வேகம் கூடும். சுழற்சியில் வேகம் ஒன்றே ஒன்றுதானே, அதை எப்படிக் கூட்டுவது என்று கேட்பார்கள். வழி பட்டையின் உயரத்தில் இருக்கிறது. ஓர் அடியில் நிறம் ஒரு பட்டை நகரும். பட்டை ஒரு பிக்சல் உயரம் என்றால் நகர்வு ஒரு பிக்சல். மூன்று பிக்சல் என்றால் மூன்று.

சென் கிளயர் அருவி 80 மீட்டர். தங்கையின் படத்தில் மீட்டருக்கு ஒரு பிக்சல் என்று 80 பிக்சல் உயரம் கொடுத்தோம். மேல் 24 பிக்சலில் ஒரு பிக்சல் பட்டைகள் 24. அது எட்டு அறைச் சுற்று மூன்று. நடு 32 பிக்சலில் இரண்டு பிக்சல் பட்டைகள் 16, இரண்டு சுற்று. அடி 24 பிக்சலில் மூன்று பிக்சல் பட்டைகள் 8, ஒரு சுற்று. நொடிக்கு 8 அடியில் மேலே நீர் நொடிக்கு 8 பிக்சலும், நடுவில் 16உம், அடியில் 24உம் விழுகிறது. ஒவ்வொரு பகுதியும் முழுச் சுற்றாக முடிவதால் பகுதிகள் சேருமிடத்தில் இலக்கம் தவறவில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அன்று மாலை மின்சாரம் போவதற்குள் அதை ஓட்டிப் பார்த்தோம். மேலே பாறையில் தயங்கி வழிந்த நீர் அடியில் பாய்ந்து விழுந்தது. அந்தத் தங்கை வெகுநேரம் வேறு எதையும் திறக்கவில்லை.

இங்கே எல்லையையும் சொல்லவேண்டும். பாறையில் மோதிச் சிதறும் துளி, அடியில் எழும் நுரைப்புகை ஆகியவற்றின் வடிவமே மாறுகிறது. வண்ணச் சுழற்சியால் வடிவத்தை மாற்ற முடியாது. அவற்றுக்கு மூன்று நான்கு படங்கள் தனியாக வரைந்து மாற்றிக் காட்டுவதுதான் வழி. ஒரு வாரம் சுழற்சியோடு மல்லுக்கட்டியும் நுரை வரவில்லை என்றால், நன்றாக அசைபடம் வரையத் தெரிந்த ஒருவரிடம் அந்த நான்கு படங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். அருவி முழுவதையும் அவரிடம் கொடுக்கத் தேவையில்லை.

## அறிகுறி: உருவங்களின் விளிம்பில் வானவில் நிறங்கள்

இது பைகேமில் வராது. கோடோட், யுனிட்டி போன்ற விளையாட்டு எஞ்சின்களுக்கு மாறியவர்களிடம் வரும். அங்கே படம் இலக்கப் படமாக ஏறுவதில்லை. இலக்கத்தைச் சிவப்புக் கூறில் எழுதிவைத்து, வரைகலைச் சில்லில் ஓடும் சிறு நிரலான ஷேடரில் படித்து, தனியான தட்டுப் படத்தில் நிறத்தைத் தேடுகிறோம்.

முதலில் வடிகட்டல். இரு பிக்சல்களுக்கு இடையில் மென்மையாக்கும் அமைப்பு இயங்கினால், நீரின் 16க்கும் பாறையின் 40க்கும் நடுவே 28 என்ற இலக்கம் பிறக்கும். 28இல் செம்மண் நிறம் இருந்தால் விளிம்பு முழுவதும் செம்மண். நிறங்களை மென்மையாக்கலாம், இலக்கங்களை மென்மையாக்க முடியாது. இரண்டு படங்களுக்கும் அண்மைப் பிக்சல் வடிகட்டலைத் தேர்ந்தெடுங்கள், மிப்மேப் எனப்படும் சிறுபடிவங்களை நிறுத்துங்கள்.

பிறகு சுருக்கம். படத்தை இறக்குமதி செய்யும் இடத்தில் இழப்பற்ற முறை இருக்கவேண்டும். இழப்புள்ள முறையில் 18 என்பது 17 ஆகலாம், 20 ஆகலாம். ஓடும் நீரில் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

அதன் பிறகு முழுமையாக்கல். இலக்கத்தை எடுக்கும் வரியில் பாதியைக் கூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கூட்டாவிட்டால் 18 என்று வரவேண்டியது 17.999 ஆகி 17ஆக வெட்டப்படும்.

```glsl
int i = int(texture(TEXTURE, UV).r * 255.0 + 0.5);
COLOR = texelFetch(pal, ivec2(i, 0), 0);
```

யுனிட்டியில் நேரியல் வண்ணவெளியில் வேலைசெய்தால், இலக்கப் படத்துக்கு sRGB என்ற குறியையும் எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒளித்திருத்தம் இலக்கத்தின் மீதே பாய்ந்து எல்லா எண்களும் புரண்டுவிடும். விளிம்பு மட்டுமல்ல, படம் முழுவதும் தவறான நிறத்தில் வரும்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் ஒரு கைபேசியில் மட்டும் நிறம் பிசகினால், அங்கே நிறுத்துங்கள். அது அந்தக் கைபேசியின் வரைகலைச் சில்லைப் பற்றிய விஷயம். ஷேடர் எழுதிப் பழகியவரிடம், கைபேசியின் மாதிரிப் பெயரோடும் திரைப்பிடிப்போடும் கொடுங்கள்.

வட்சப்பில் அனுப்பிய காணொளியில் மட்டும் நிறம் கலங்கித் தெரிகிறது என்றால் அது விளையாட்டின் பிழை அல்ல. காணொளிச் சுருக்கம் நிறத்தைக் கரைத்துவிடுகிறது. நான்கு மடங்கு பெரிதாக்கிப் பதிவுசெய்து அனுப்புங்கள்.

## அறிகுறி: இருட்டிய பிறகும் அருவி மட்டும் ஒளிர்கிறது

மாலைக் காட்சிக்காகத் தட்டின் எல்லா நிறங்களையும் மங்கச் செய்கிறீர்கள். அடுத்த நொடியே சுழற்சி வந்து 16 முதல் 23 வரை பகல் நிறங்களை எழுதிவிடுகிறது. வரிசையை மாற்றினால் போதும்: மூல நிறத்தை எடு, சுழற்று, அதன் பிறகு மங்கச் செய், கடைசியில் தட்டில் எழுது.

இதன் மறுபக்கமும் உண்டு. மங்கிய தட்டையே படித்து அதையே மீண்டும் மங்கச் செய்தால், ஒவ்வொரு முறையும் பின்னம் வெட்டுப்பட்டு, விடிந்த பிறகும் நிறங்கள் திரும்பிவராது. மூல நிறங்களைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான்.

## அறிகுறி: மின்னல் வெட்டும்போது பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது

மலைநாட்டு விளையாட்டில் இடிமின்னல் வராமல் இருக்காது. முழுத் தட்டையும் வெள்ளையாக்கி மீண்டும் இறக்குவது சுழற்சியில் மிகச் சுலபம், ஆகவே பிள்ளைகள் அதை நொடிக்கு எட்டுப் பத்து முறை செய்துவிடுகிறார்கள். இணையத்தள அணுகல்தன்மை வழிகாட்டி ஒரு நொடிக்குள் மூன்று பளிச்சுக்கு மேல் கூடாது என்கிறது. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு அது உண்மையான ஆபத்து.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள்: ஒரு மின்னலுக்கு ஒரே பளிச்சு, பிறகு அரை நொடியில் மெல்ல இறங்கும் மங்கல். அடுத்தது, முழுத் தட்டையும் தொடாமல் வானத்தின் நான்கைந்து அறைகளையும் மலைமுகட்டு ஓரத்தின் ஓர் அறையையும் மட்டும் வெளுக்கச் செய்யுங்கள். மலையின் கோடு ஒரு கணம் தெரிந்து மறைந்தாலே மின்னல் வெட்டியது புரிந்துவிடும். விளையாட்டின் அமைப்புகளில் பளிச்சை நிறுத்தும் வாய்ப்பும் இருக்கட்டும். ஓட்டிப்பார்க்கும்போது யாருக்காவது கண் இருண்டாலோ தசை துடித்தாலோ உடனே திரையை அணைத்துவிட்டு, அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தக் காட்சியை, பளிச்சுகளை அளந்து சோதிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.